பள்ளம் சரிந்த நேரம்

பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்கும் இடத்தில் மண் சரிந்தால், மறுநாள் செய்தியில் 'ஒரு மணி நேரப் போராட்டத்துக்குப் பின் மீட்பு' என்று ஒரு வரி வரும். தளப் பதிவேட்டிலும் பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரித்து எழுதுவது, அதோடு மண்ணையும் ஆழத்தையும் முட்டுப் பலகையையும் ஏன் குறிக்க வேண்டும் என்று சேர்ந்தே பார்ப்போம்.

ஒரு பள்ளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆழம் 3 மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர். தோண்டிய மண் கரையை ஒட்டியே குவிந்திருக்கிறது. காலை 10.42-க்கு ஒரு பக்கச் சுவர் பெயர்ந்து, உள்ளே இருந்தவர் கழுத்தளவு புதைந்துவிடுகிறார். 10.51-க்கு, பதற்றத்தில் ஜேசிபியைக் கரையோரம் கொண்டுவந்ததும் இன்னொரு சரிவு. இப்போது தலையும் மூடிவிடுகிறது. 10.56-க்குக் கையால் மண்ணை விலக்கி முகத்தை வெளியே எடுக்கிறார்கள். மார்பு விடுபட்டது 11.14, கால் விடுபட்டது 12.05.

எல்லாரும் ஏமாறும் இடம் 10.56. முகம் தெரிந்தது, ஆள் பேசினார், இனி பயமில்லை என்று நினைக்கிறோம். பதிவிலும் 'உயிருடன் மீட்பு 10.56' என்று ஏறிவிடுகிறது. ஆனால் மூச்சு விடுவதற்கு மூக்கு திறந்திருந்தால் போதாது, மார்பு விரிய வேண்டும். ஒரு கன மீட்டர் மண்ணே ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மூச்சை வெளியே விடும்போது மார்பு சற்று உள்வாங்கும். அந்த இடைவெளியில் மண் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அடுத்த மூச்சுக்கு விரிய இடம் இன்னும் குறையும். சுருக்குக் கயிறு போலத்தான்: இறுகும், தானாகத் தளராது. தலை வெளியே இருக்கும்போதே, பேசிக்கொண்டிருக்கும்போதே, மூச்சு முட்டி இறந்துபோகலாம்.

ஆகவே முகம், மார்பு, கால் மூன்றும் விடுபட்ட நேரத்தைத் தனித்தனியே எழுத வேண்டும். கால் விடுபட்ட நேரம் மருத்துவருக்கும் வேண்டும். நெடுநேரம் நசுங்கிக் கிடந்த தசையிலிருந்து பொட்டாசியம், அழுத்தம் நீங்கியதும் ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நம் கணக்கில் அவர் கால் 83 நிமிடம் மண்ணுக்குள் இருந்திருக்கிறது. அதை 108 ஊழியரிடம், முடிந்தால் காலை விடுவிக்கும் முன்பே, சொல்லிவிட வேண்டும். பதற்றத்தில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் எல்லார் கைப்பேசியிலும் அழைப்புகளின் நேரம் பதிந்திருக்கும், நின்றவர்கள் எடுத்த வீடியோவிலும் இருக்கும். அன்றைக்கே கேட்டு வாங்கிவிடலாம்.

இனி மண். 'இறுகின மண்தான் சார், காலையிலிருந்து அப்படியே நின்னுச்சு' என்று மேஸ்திரி சொல்வார். பொய் சொல்லவில்லை. வெட்டியதும் செங்குத்தாக நிற்கும் களிமண், காயக் காயவோ நீர் ஊறியோ விரிசல் விட்டு மொத்தமாகப் பெயரும். அதனால் வெறுமனே 'களிமண்' என்று எழுதாமல், சரியாமல் நிற்கும் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்து எழுதுவோம்: மேலே எத்தனை அடி கொட்டி நிரப்பிய மண், அதன் கீழே என்ன, எங்கே ஈரம் கசிகிறது, கரைக்கு இணையாக விரிசல் ஓடுகிறதா, பக்கத்தில் பழைய குடிநீர்க் குழாய் போகிறதா. முன்பே ஒருமுறை தோண்டி மூடிய மண்ணுக்குப் பிடிப்புக் குறைவு. ஊருக்குள் சரிகிற பள்ளங்களில் இதை முதலில் தேடுவது நல்லது.

ஆழத்தைச் சரிந்த இடத்தில் அளந்தால் குறைத்துத்தான் காட்டும். பக்கத்தில் சரியாத பகுதியில் டேப்பை விட்டு அளக்க வேண்டும். அவர் நின்றிருந்தாரா, குழாய் இணைப்பைப் பார்க்கக் குனிந்திருந்தாரா என்பதும் முக்கியம். மண்டியிட்டவரின் தலை தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். இடுப்பளவு மண் அவரை மூடிவிடும்.

முட்டு பற்றி 'இருந்தது' என்ற ஒற்றைச் சொல் எதையும் சொல்லாது. ஐ.எஸ். 3764 விதிப்படி 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். நம் பள்ளத்தில் பலகை இருந்தது. ஆனால் பாதி ஆழம் வரைதான். அவர் வேலை செய்த இடமோ கடைசிப் பலகையிலிருந்து 2 மீட்டர் தள்ளி. மண் குவியலும் கரையிலிருந்து 1.5 மீட்டராவது விலகி இருந்திருக்க வேண்டும், 40 சென்டிமீட்டரில் இருந்தது. இந்த மூன்று அளவும் இல்லாத பதிவில் 'மழையால் மண் சரிந்தது' என்பதே காரணமாக நின்றுவிடும்.

மீட்பு முடிந்த கையோடு ஜேசிபி வந்து பள்ளத்தை மூடிவிடும். அதற்கு முன், டேப் தெரிகிற மாதிரி நான்கு படம் எடுத்துவிடுங்கள். மூடிய பள்ளத்தில் மண் அடுக்கையும் முட்டுப் பலகையையும் திரும்ப அளக்க வழியில்லை.