பேசினது பேசினபடி

வீட்டின் மேல் மாடி கட்ட மேஸ்திரியிடம் பேசி முடிக்கிறோம். சதுர அடிக்கு இவ்வளவு, பொருள் நம்முடையது, ஆள் கூலி அவருடையது. வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸும் கை மாறுகிறது. மூன்று மாதம் கழித்து இறுதிக் கணக்கு வரும்போதுதான் தெரிகிறது, இருவரும் வேறு வேறு கணக்கை மனதில் வைத்திருந்தது. இதில் யாரும் பேச்சு மாறியிருக்க மாட்டார்கள். 'சதுர அடி' என்று இருவரும் சொன்னார்கள். எதிலிருந்து எதுவரை அளப்பது என்பதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வெளிச்சுவர் அளவில் 40 அடிக்கு 20 அடி, அதாவது 800 சதுர அடி. லேபர் காண்ட்ராக்டில் சதுர அடிக்கு 500 ரூபாய் என்று பேச்சு. வீட்டுக்காரர் மனதில் இருப்பது 4 லட்சம். ஆனால் மேலே போடும் தளம் சுவரோடு நிற்காது. மழைச்சாரல் படாமலிருக்க நான்கு பக்கமும் 2 அடி வெளியே நீட்டினால், தளத்தின் அளவு 44-க்கு 24, மொத்தம் 1,056 சதுர அடி. மேஸ்திரி தளத்தை அளந்து கணக்குப் போட்டால் 5,28,000 ரூபாய். வித்தியாசம் 1,28,000. சுவர் அளவில் போடுபவர்களும் உண்டு, தள அளவில் போடுபவர்களும் உண்டு, நீட்டலுக்குப் பாதி போடுபவர்களும் உண்டு. மூன்றும் தொழிலில் நடப்பதுதான். எது என்று முன்பே பேசிக்கொள்ளாததுதான் சிக்கல்.

எழுதி வைத்தால் இது வராது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கேட்கத் தயக்கம். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவர் முகம் சுருங்கிவிடுமோ என்ற கூச்சம். பேசிய அன்றே, பேச்சின் தொடர்ச்சியாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் இந்தக் கூச்சம் பெரும்பாலும் தேவைப்படாது. இதே இடத்தில் அனுப்பக்கூடிய செய்தி இது:

"மேஸ்திரி அண்ணே, வணக்கம். இன்னிக்கு நேர்ல வந்து பார்த்ததுக்கு நன்றி. வீட்டுல விவரம் கேட்டாங்க, அதான் பேசினதை எழுதிட்டேன். நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க.

நாங்க செய்றது: சிமென்ட், மணல், கம்பி, செங்கல் இறக்கித் தர்றோம். தண்ணி, கரண்ட் எங்களுது. அட்வான்ஸ் 40,000 குடுத்தாச்சு. லிண்டல் மட்டம் வந்ததும் 1,00,000. தளம் போட்டதும் 1,20,000. பூச்சு முடிஞ்சதும் 1,00,000. எல்லா வேலையும் முடிஞ்சதும் 40,000.

நீங்க செய்றது: ஆள் கூலி, சென்ட்ரிங் பலகை, சாரம், கலவை மிஷின். சதுர அடிக்கு 500, சுவருக்கு வெளிப்பக்கம் அளந்து 800 சதுர அடி.

ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு: தளத்தை 2 அடி நீட்டுறோமே, அதுக்குக் கணக்கு எப்படி? ஏதாவது தப்பா எழுதியிருந்தா திருத்திச் சொல்லுங்க."

இதில் நான்கு விஷயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, நம் பக்கத்துக் கடமை முதலில் வருகிறது. அவர் செய்ய வேண்டியதை மட்டும் பட்டியலிட்டால் அது கண்காணிப்பு போலத் தோன்றும். நாம் தர வேண்டிய பணமும் தேதியும் பொருளும் முதலில் இருந்தால், அந்தச் செய்தி அவருக்கும் பாதுகாப்பு. கடைசித் தவணையை இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களை நிறையப் பார்த்தவர் அவர்.

இரண்டாவது, தவறு நம்முடையதாக இருக்கலாம் என்று எழுதுகிறோம். "நீங்க சொன்னது இதுதானே" என்பது குறுக்கு விசாரணை. "நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா" என்பது திருத்த இடம் கொடுக்கும் கேள்வி. "ஆதாரத்துக்காக", "பின்னாடி பிரச்னை வரக்கூடாதுன்னு" போன்ற சொற்கள் வேண்டாம். வக்கீல் மச்சானையும் சேர்த்து ஒரு குரூப் தொடங்குவது அதைவிட மோசம்.

மூன்றாவது, பேசாத எதையும் பேசியதாக எழுதவில்லை. சாரத்தைப் பற்றிப் பேச்சே வராமலிருந்து, அதை அவர் கணக்கில் நைஸாகச் சேர்த்துவிட்டால் நம்பிக்கை அங்கேயே போய்விடும். விட்டுப்போனதைக் கேள்வியாகத் தனியே வைக்க வேண்டும். உண்மையில் இந்தச் செய்தியின் முழுப் பயனும் அந்தக் கேள்வியில்தான். எழுத உட்காரும்போதுதான் எது விட்டுப்போனது என்று தெரிகிறது.

நான்காவது, பதில் கேட்கிறோம். நீல டிக் என்றால் செய்தியைத் திறந்திருக்கிறார் என்றுதான் பொருள், ஒப்புக்கொண்டார் என்றல்ல. கட்டைவிரல் படத்தை 'பார்த்தேன்' என்றும் எடுத்துக்கொள்ளலாம், 'சம்மதம்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் மறுநாள் நேரில் போய், "அண்ணே, அனுப்பினதைப் பார்த்தீங்களா?" என்று படித்துக் காட்டலாம். எழுதிப் பழக்கமில்லாதவர் என்றால் குரல் பதிவாகச் சொல்லச் சொல்லலாம். அவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "எல்லாம் சரி தம்பி, நீட்டலுக்கு மட்டும் பாதி அளவு போடுவோம்." உடனே நாம் ஒரு வரி அனுப்புகிறோம்: "சரிண்ணே. நீட்டல் 256-ல பாதி 128 சதுர அடி, 64,000. அது தளம் போட்டதும். மொத்தம் 4,64,000." வேலை தொடங்கும் முன்பே, சிரித்துப் பேசும் நேரத்திலேயே அந்த விஷயம் முடிந்துவிடுகிறது. 64,000 கட்டுப்படியாகாது என்றால் நீட்டலை ஒன்றரை அடியாகக் குறைக்கவும் அப்போது வழி உண்டு. கான்கிரீட் போட்ட பிறகு இல்லை.

வேலை நடக்கும்போதும் இதே வழிதான். "இங்க ஒரு லாஃப்ட் வெச்சிடுங்க", "அந்தச் சுவரை ஒரு அடி தள்ளிக்கட்டுங்க" என்று போகிற போக்கில் சொல்வதெல்லாம் கடைசியில் 'எக்ஸ்ட்ரா' என்ற தலைப்பில் வந்து நிற்கும். சொன்ன அன்று மாலையே என்ன வேலை, எவ்வளவு கூலி என்று ஒரு வரி எழுதினால் போதும். முதல் நாளிலிருந்தே எழுதுகிறவர் எழுதினால் அது பழக்கம். தகராறு வந்த பிறகு எழுத ஆரம்பித்தால்தான் சந்தேகமாகத் தெரியும்.

சட்டத்தில் இதற்கு என்ன மதிப்பு? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பொதுவாக வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். என்ன பேசினோம் என்று நிரூபிப்பதுதான் கடினம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்னணு வழியில் செய்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது. ஆனால் செல்பேசிப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும் தேவைப்படும். அதனால் உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்துக்கொள்வதும், அந்த உரையாடலில் தானாக மறையும் செய்தி வசதி அணைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

வாட்ஸ்அப் போதாத இடங்களும் உண்டு. நிலம், வீடு விற்பனைக்குப் பதிவுப் பத்திரம்தான். வீட்டு வாடகைக்குத் தமிழ்நாட்டில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. முழு வீட்டையும் பொருளோடு சேர்த்துக் காண்ட்ராக்ட் விடுகிறோம் என்றால் முத்திரைத்தாளில் முறையான ஒப்பந்தம் போடுவதே சரி. சிமென்டின் பிராண்டிலிருந்து தாமதத்துக்கான கழிவு வரை அதில் வர வேண்டியவை ஏராளம். மேல் மாடிக் கூலி வேலை, மரவேலை, பெயின்டிங், சமையல் காண்ட்ராக்ட் போன்றவற்றுக்கு அன்றைக்கே அனுப்பும் ஒரு செய்தியும், அதற்கு வரும் தெளிவான ஒரு பதிலும் போதும்.