பால் சீட்டுக்கு ஒரு தீர்மானம்: பேரவைக் கூட்டத்தில் பெரியவரின் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் யார் எவ்வளவு நேரம் பேசினாலும், கூட்டம் கலைந்த பிறகு மிஞ்சுவது தீர்மானப் புத்தகத்தில் ஏறிய சில வரிகள்தான். அந்த வரிகளில் இருப்பதைத்தான் சங்கம் செய்தாக வேண்டும். அங்கே இல்லாத எதையும், 'அன்னிக்கே பேசினோமே' என்று மறுநாள் போய்க் கேட்க முடியாது.

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-ன்படி, ஒரு சங்கத்தின் இறுதி அதிகாரம் உறுப்பினர்கள் கூடும் பேரவையிடம்தான் இருக்கிறது. தலைவருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் மேலே இருப்பது அந்தக் கூட்டம். ஆனாலும் பல ஊர்களில் வரவு செலவு வாசித்து, கையெழுத்து வாங்கி, காபி கொடுத்ததோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. ஒரு சாதாரண உறுப்பினர் அங்கே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றுவது எப்படி? கொங்குப் பகுதிக் கிராமத்துப் பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றைக் கற்பனை செய்து பார்த்தால் எளிதாகப் புரியும்.

பிரச்னை என்ன?

அந்தச் சங்கத்தில் காலையில் 84 பேர் பால் ஊற்றுகிறார்கள். பாலுக்கு விலை லிட்டர் கணக்கில் மட்டும் கிடைப்பதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான மற்ற சத்து எவ்வளவு என்று பார்த்து, விலைப் பட்டியல்படி ரூபாய் போடுகிறார்கள். அந்த மற்ற சத்தைத்தான் 'எஸ்.என்.எஃப்' என்கிறார்கள். இந்தச் சங்கத்தில் லிட்டர் மட்டும் அன்றன்றைக்கு அட்டையில் ஏறுகிறது. தரம் என்ன வந்தது என்பது பட்டுவாடா நாளில்தான் தெரிகிறது.

இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண், தினம் 10 லிட்டர் ஊற்றுகிறார். தரம் குறைந்து லிட்டருக்கு 1 ரூபாய் குறைந்தால் மாதம் 300 ரூபாய் போகும். தீவனத்தில் குறையா, மாட்டுக்கு மடிநோயா, பரிசோதனையில் தவறா என்று உடனே தெரிந்தால் சரிசெய்யலாம். பத்து, பதினைந்து நாள் கழித்துத் தெரிந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவர் கேட்க நினைப்பது ஒன்றுதான்: ஒவ்வொரு வேளைக்கும் தரம் குறித்த சீட்டு.

கூட்டத்துக்கு முன்பே பாதி வேலை

முதலில் சங்கத்தின் துணை விதிகளைப் பார்க்க வேண்டும். செயலாளரிடம் கேட்டு வாங்கிப் படிக்கலாம். இரண்டு விஷயம் அதில் தெரிய வேண்டும். உறுப்பினர் ஒரு பொருளைக் கூட்டத்தில் வைக்க, எத்தனை நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும்? கேட்கப்போகும் விஷயத்துக்குத் துணை விதியையே திருத்த வேண்டியிருக்குமா?

துணை விதித் திருத்தம் என்றால் பாதை நீளம். பேரவை ஏற்றுக்கொண்டாலும், பதிவாளர் பதிவு செய்யும்வரை அது செல்லாது. பால் விலையைக் கூட்டுவது போன்ற கோரிக்கை கிராமச் சங்கத்தின் கையிலேயே இல்லை; அதைத் தீர்மானமாகப் போட்டால் மேலே அனுப்பும் வேண்டுகோளாகத்தான் இருக்கும். சீட்டு கொடுப்பது அப்படியல்ல. சங்கத்தின் அன்றாட நடைமுறை என்பதால், பேரவை முடிவு செய்தால் போதும்.

அடுத்து, கோரிக்கையைக் கடிதமாக எழுதித் தலைவருக்குக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அஜெண்டாவில் தனிப் பொருளாக அது ஏற வேண்டும். 'தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்' என்ற கடைசி வரிக்கு விட்டுவிட்டால், அந்த நேரத்தில் பாதிப் பேர் மாடு கறக்கக் கிளம்பியிருப்பார்கள். 'இதை முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லலையே' என்று வராதவர்கள் பிறகு கேட்டால் அதற்கும் பதில் இருக்காது.

எதை எழுதுவது?

அந்தப் பெண் முதலில் எழுதியது இது: 'பால் பரிசோதனை வெளிப்படையாக நடக்க வேண்டும் என இப்பேரவை கேட்டுக்கொள்கிறது.'

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார், என்ன, எப்போது செய்ய வேண்டும் என்று இதில் இல்லை. ஆறு மாதம் கழித்து, 'வெளிப்படையாத்தானே நடக்குது' என்று ஒருவர் சொன்னால் மறுக்க வழியில்லை. தீர்மானம் நல்லதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: அது நிறைவேற்றப்படவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

திருத்தி எழுதியது இது: 'ஒவ்வொரு வேளையும் பால் ஊற்றும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப், தொகை ஆகிய நான்கும் குறித்த சீட்டைச் செயலாளர் அப்போதே வழங்க வேண்டும். இது அடுத்த மாதம் 1-ம் தேதி முதல் நடைமுறைக்கு வர வேண்டும். சீட்டுக்கான செலவைச் சங்கம் ஏற்க வேண்டும்.' யார், என்ன, எப்போது, யார் செலவில் என்று நான்கும் வந்துவிட்டன.

வழிமொழிய ஒருவரையும் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தன் சொந்தக்காரரைவிட, ஊரின் இன்னொரு மூலையில் இருப்பவர் வழிமொழிந்தால் 'இது ஒரு வீட்டு விவகாரம்' என்ற பேச்சு எழாது.

பெரியவர் எழுந்தார்

கூட்டத்தில் அவர் மூன்று நிமிடத்துக்குள் முடித்துக்கொள்கிறார். தீர்மானத்தை வாசித்தார், 300 ரூபாய்க் கணக்கைச் சொன்னார், உட்கார்ந்தார். பரிசோதகர் மேல் சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால், கூட்டம் சீட்டை விட்டுவிட்டுப் பரிசோதகரின் நேர்மையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கும்.

சங்கத்தின் முன்னாள் தலைவர், எழுபது வயதுக்காரர், எழுந்தார்.

"அம்மணி கேக்கறது நாயந்தானுங்க. நான் வேண்டாங்கல. ஆனா 84 பேரு வர்றோம். மிஷின்ல ஒரு ஆளுக்கு ஒரு நிமிசம்னாலும் ஒண்ணரை மணி நேரம் ஆயிப்போகும். வண்டி ஏழு மணிக்கு வந்துரும். அதுவரைக்கும் பால் கேன்ல வெயில்ல கெடந்தா புளிச்சுப் போகாதுங்களா? ஒருத்தருக்குச் சீட்டுக் குடுக்கப்போயி ஊர்ப் பாலே திரும்பி வந்துட்டா யாருங்க பொறுப்பு?"

இது மரியாதையான ஆட்சேபம் மட்டுமல்ல, சரியான ஆட்சேபமும்கூட. கறந்த பாலில் கிருமிகள் வெப்பத்தில் வேகமாகப் பெருகும். குளிரூட்டும் நிலையத்துக்கு அது சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். 84 நிமிடக் கணக்கிலும் தவறில்லை.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். 'பக்கத்து ஊர்ல குடுக்கறாங்களே' என்று ஒப்பிட்டால், அவர் கேட்ட நேரக் கணக்குக்குப் பதில் வராது. 'நீங்க தலைவரா இருந்தப்ப ஏன் செய்யல' என்றால் கூட்டம் இரண்டாகப் பிரியும். மரியாதையாகக் கேட்டவரின் பக்கம்தான் பெரும்பாலோர் சாய்வார்கள்.

அந்தப் பெண் முதலில் ஒரு கேள்வி கேட்டார். "பெரியப்பா சொல்ற நேரக் கணக்கு சரிதானுங்க. நான் எழுதினதுல அதை யோசிக்கல. நேரப் பிரச்னைக்கு வழி கெடச்சுட்டா, சீட்டுக் குடுக்கறதுல உங்களுக்குச் சம்மதமுங்களா?"

"அதுல எனக்கென்னம்மா மறுப்பு? நானும் பால் ஊத்தறவன்தானே."

அந்த ஒரு கேள்வி, ஆட்சேபத்தைப் பிரித்துக் காட்டிவிட்டது. பெரியவர் நோக்கத்தை எதிர்க்கவில்லை. 'அப்போதே' என்ற ஒரு சொல்லைத்தான் எதிர்க்கிறார். இனி திருத்த வேண்டியதும் அந்தச் சொல்லைத்தான்.

ஒரு சொல் மாறியது

பாலை நிறுத்தி வைக்காமலே தரம் பார்க்கலாம். ஊற்றும்போதே பாலை நன்றாகக் கலக்கி, சிறு பாட்டிலில் மாதிரி எடுத்து, உறுப்பினர் எண்ணை ஒட்டிவிட்டால் போதும். பால் உடனே கேனுக்குப் போகும், வண்டியும் நேரத்துக்குக் கிளம்பும். பாட்டில்களை அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கலாம்.

இதிலும் கவனிக்க வேண்டியது இரண்டு உண்டு. அசையாமல் இருக்கும் பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். பாட்டிலை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் கலக்காமல் பார்த்தால் கணக்கு தவறாக வரும். மாதிரியை அதிக நேரம் வெளியே வைத்தாலும் புளித்துத் திரிந்துவிடும். அதனால் வண்டி போன கையோடு பரிசோதனையை முடிக்க வேண்டும். இதையும் பெரியவரே எடுத்துச் சொல்ல, அதுவும் தீர்மானத்தில் சேர்ந்தது.

தீர்மானம் இப்படி ஆனது: 'லிட்டர் அளவை அப்போதே அட்டையில் குறிக்க வேண்டும். உறுப்பினர் எண் ஒட்டிய மாதிரியை, வண்டி சென்றவுடன் கலக்கிப் பரிசோதிக்க வேண்டும். கொழுப்பு, எஸ்.என்.எஃப், தொகை குறித்த சீட்டை அடுத்த வேளை பால் ஊற்ற வரும்போது வழங்க வேண்டும்.' தேதியும் செலவும் பற்றிய வரிகள் மாறவில்லை.

ஓட்டுக்கு விடும் முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. திருத்தத்துக்கு முன்மொழிந்தவரோடு வழிமொழிந்தவரும் சம்மதிக்க வேண்டும். மாறிய வாசகத்தைத் தலைவர் சத்தமாக ஒருமுறை வாசிக்க வேண்டும். எதற்குக் கை தூக்குகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். நாற்பது லிட்டர் ஊற்றுபவருக்கும் நான்கு லிட்டர் ஊற்றுபவருக்கும் ஓட்டு ஒன்றுதான்.

கை தட்டியதோடு முடியவில்லை

தீர்மானம் நிறைவேறியதும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் திருத்திய வாசகம்தான் ஏறியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். 'சீட்டு வழங்குவது குறித்து விவாதிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால், அது தீர்மானமே அல்ல. விவாதித்ததாக மட்டுமே பொருள். 'தீர்மானிக்கப்பட்டது' என்ற சொல், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர், முழு வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். பிறகு எழுத்து மூலம் கேட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் 1-ம் தேதி காலையில் லிட்டர் மட்டும் அட்டையில் ஏறும். அன்று மாலை கறந்த பாலோடு போகும்போது, காலைப் பாலுக்கான சீட்டு கைக்கு வர வேண்டும். வராவிட்டால், யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. நகலைக் காட்டி, 'மூணாவது வரிப்படி சீட்டு எங்கங்க?' என்று கேட்டால் போதும்.