குண்டு விழாத போர்க்கதை

போர்க்கதை எழுத போர்க்களம் தேவையில்லை. 1942 ஏப்ரல் மாதச் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசம் போயிருந்தன. ஏப்ரல் 5 கொழும்பிலும், 6 விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நம்பியது. அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசே சொன்னது. ஜனங்கள் மூட்டை கட்டினார்கள்.

ஆனால் 9ஆம் தேதி திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானியக் கப்பற்படை, அதோடு வங்காள விரிகுடாவை விட்டுத் திரும்பிவிட்டது. கதாசிரியருக்கு இது தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் கதை இருக்கிறது. எழுதும் முன் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் நடந்ததையும் மறுபக்கம் அது தெருவுக்கு எப்போது, யார் வழியாக, எந்த உருவத்தில் வந்தது என்பதையும் தேதிவாரியாகக் குறித்துக்கொள்ளலாம். கதையை இரண்டாவது பக்கத்திலிருந்து மட்டுமே எழுத வேண்டும்.

திருவல்லிக்கேணியில் ஒரு பெண், கணவன் ரங்கூனில் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மாதக்கணக்கில் கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. பால்காரர் வருகிறார்: "கடல்ல ராத்திரி வெளிச்சம் தெரிஞ்சுதாம்மா." எதிர்வீட்டுக் குமாஸ்தாவின் வாயில் அது பத்துக் கப்பலாகிறது. வீட்டுத் தரகரோ, "இறங்கிட்டான்னே சொல்றாங்க. வந்த விலைக்குத் தள்ளிடுங்கம்மா" என்கிறார். வதந்தி சும்மா பெருகுவதில்லை. சொல்பவரின் பயமோ ஆதாயமோ அதில் ஒட்டிக்கொள்கிறது. யார் சொன்னது என்று தெரியாமல் 'ஊரில் பேசிக்கொண்டார்கள்' என்று எழுதினால் வதந்தி வெறும் தகவலாகிவிடும்.

எல்லா வதந்தியும் பொய்யாக இருந்தாலும் வாசகர் சீக்கிரம் பிடித்துவிடுவார். மிருகக்காட்சிசாலைப் புலி, சிங்கங்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, அவள் நம்ப மறுக்கட்டும். அது உண்மையில் நடந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம். நம்பாத ஒன்று நிஜம் என்று தெரிந்ததும், தரகர் சொன்னதையும் அவள் நம்பத் தொடங்குவாள்.

காத்திருப்பை எழுதும்போது பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். வாசலைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இரண்டு பக்கம் ஓடினால் கதை நின்றுவிடும். காத்திருப்பவருக்குத் தினமும் ஏதாவது ஒரு முடிவு எடுத்தாக வேண்டிய கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டை விற்றுக் கிராமத்துக்குப் போனால், அவன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? விற்காமல் இருந்தால், குழந்தைகளை என்ன செய்வது?

அவள் விற்றுவிட்டுப் போகட்டும். கப்பல்கள் வராததை மே மாதத்தில் அவளே தெரிந்துகொள்ளட்டும். பர்மாவிலிருந்து நடந்தே வந்த அகதி ஒருவர், அவள் கணவனை வழியில் உயிரோடு பார்த்ததாகச் சொல்லலாம். அவர் பார்த்தது அவனைத்தானா என்பதைக் கதாசிரியர் சொல்லக்கூடாது. சொன்னால், அதுவரை அவளுக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லிவந்த கதை கடைசிப் பக்கத்தில் கட்சி மாறிவிடும்.