பில்லை மொழிபெயர்க்கிறது எப்படி? ஒரு மிக்ஸி, 720 ரூபாய், ஒரு ‘மாற்றித் தரப்படும்’

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு பில்லைப் பத்தி. கடையில கிழிச்சுக் குடுப்பாங்களே, அந்தச் சின்ன தெர்மல் பேப்பர் பில்.

எங்க புளியந்தோப்புல பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க மிக்ஸி வாங்கினாங்க. ஒரு பிராண்டோட ஷோரூம். ஆனா அதை எடுத்து நடத்துறவர் உள்ளூர்க்காரர், பில்லும் அவரோட சாஃப்ட்வேர்ல வர்றதுதான். மூணாவது நாளே மோட்டார்ல கருகுற வாசனை. கடையில கேட்டா, “ரீஃபண்ட் நாங்க முடிவு பண்றது இல்லம்மா, கம்பெனி ஆபீஸுக்கு எழுதுங்க”ன்னு சொல்லிட்டாங்க. அந்த ஆபீஸ் இருக்கிறது வேற மாநிலத்துல. வாட்ஸ்அப்ல பில் போட்டோ அனுப்பினதுக்கு வந்த பதில்: போட்டோ தெளிவா இல்லை, தமிழ்ல இருக்கிறதை இங்கிலீஷ்ல எழுதி அனுப்புங்க. அந்த வேலை என்கிட்ட வந்தது.

முதல்ல போட்டோ. தெர்மல் பேப்பர்ல மை கிடையாது. காகிதத்து மேல இருக்கிற பூச்சு சூட்டுல கறுப்பாகுது, அவ்வளவுதான். அதனால வெயில்ல வச்சாலும், பைக் சீட்டுக்கு அடியில வச்சாலும், செல்லோடேப் ஒட்டினாலும் எழுத்து போயிடும். லேமினேட் பண்ணா மொத்தமும் கறுப்பாயிடும். வாங்கின அன்னைக்கே, தட்டையா வச்சு, நாலு மூலையும் தெரியுற மாதிரி, நிழல் விழாம எடுத்துடணும். வாட்ஸ்அப்ல அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’டா அனுப்புங்க. போட்டோவா அனுப்பினா அது சுருக்கி அனுப்பும், சின்ன எழுத்தெல்லாம் கலங்கிடும்.

அக்காவோட போட்டோல ஒரு மடிப்பு, மிக்ஸி விலை மேலேயே விழுந்திருந்தது. 4,720ஆ, 4,120ஆன்னு கண்ணால சொல்ல முடியலை. கடைக்கு போட்டா கம்பெனியைக் கேளுன்னு சொல்றாங்க, ஒரிஜினல் பில்லும் வெளுத்துப் போச்சு. இங்கதான் வரி வரிகள் உதவிக்கு வந்தது.

பில்லோட அடியில ஒரு குட்டி அட்டவணை இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? யாரும் படிக்கிறது இல்லை. அதுல ஒவ்வொரு வரி விகிதத்துக்கும் தனித்தனி வரி. முதல்ல வரி போடப்படும் மதிப்பு, அப்புறம் சிஜிஎஸ்டி, அப்புறம் எஸ்ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள்ள வாங்கி இங்கேயே விக்கிற பொருள்னா, வரி சரிபாதியா ரெண்டாப் பிரியும். ஒரு பாதி மத்திய அரசுக்கு, ஒரு பாதி மாநிலத்துக்கு. மிக்ஸிக்கு 18 சதவீதம், அதாவது 9 + 9. அதே பில்லுல அக்கா ஒரு டிபன் கேரியரும் வாங்கியிருந்தாங்க. அதுக்கு 5 சதவீதம், 2.5 + 2.5.

மடிப்பு விழாத இடத்துல, 9 சதவீத சிஜிஎஸ்டி 360.00ன்னு தெளிவா இருந்தது. 360 எதோட 9 சதவீதம்? 4,000த்தோடது. 4,000 கூட 360, இன்னொரு 360. மொத்தம் 4,720. விலை 4,120ஆ இருந்திருந்தா சிஜிஎஸ்டி 314 ரூபாய் சொச்சம்தான் வந்திருக்கும். டிபன் கேரியருக்கு மதிப்பு 600, வரி 15 + 15, ஆக 630. ரெண்டையும் கூட்டினா 5,350. பில்லோட கடைசி வரியிலயும் அதே 5,350. முடிஞ்சது. மங்கின எண்ணை ஊகிச்சு எழுதலை, கணக்குப் போட்டு எழுதினோம். மொழிபெயர்ப்புல அந்த இடத்துல ‘போட்டோவில் மங்கலாக உள்ளது, வரி வரிகளிலிருந்து கணக்கிட்டது’ன்னு அடைப்புக்குறிக்குள்ள சொல்லியும் வச்சேன். அப்படிச் சொல்லாம விட்டா, எதிர்ல இருக்கிறவங்க போட்டோவையும் தாளையும் ஒப்பிடும்போது, நாமளே எண்ணைப் போட்டுக்கிட்டோம்னு நினைப்பாங்க.

இதே மாதிரி இன்னொரு விஷயம், ஜிஎஸ்டி எண். 15 எழுத்து. முதல் ரெண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 கடைக்காரரோட பான் எண். பான்ல முதல் அஞ்சு எழுத்து, அடுத்து நாலு எண், கடைசியா ஒரு எழுத்து. அதனால மங்கலா இருக்கிற ஒரு வட்டம் ‘ஓ’வா, பூஜ்யமான்னு குழப்பம் வந்தா, அது எத்தனாவது இடத்துல இருக்குன்னு எண்ணிப் பாருங்க, பதில் வந்துடும். 14ஆவது இடத்துல வழக்கமா `Z` இருக்கும். எழுதி முடிச்சதும் ஜிஎஸ்டி போர்ட்டல்ல `Search Taxpayer` பக்கத்துல போட்டா கடையோட பதிவுப் பெயர் வரும். பில்லுல இருக்கிற பெயரும் அதுவும் வேற வேறயா இருந்தாலும் பதறாதீங்க. போர்டுல இருக்கிறது வியாபாரப் பெயர், போர்ட்டல்ல மேல வர்றது சட்டப்படியான பெயர்.

இப்போ சாமான் பெயர். “எவர்சில்வர் டிபன் கேரியர் 3 அடுக்கு”ன்னு தமிழ்ல அச்சாகியிருந்தது. நம்ம ஊர்ல எவர்சில்வர்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். அதை அப்படியே இங்கிலீஷ் எழுத்துல எழுதி அனுப்பினா வேற மாநிலத்துல படிக்கிறவர் வெள்ளின்னு நினைச்சுடுவாரு. 630 ரூபாய்க்கு வெள்ளி டிபன் கேரியர்! பக்கத்துல இருந்த எச்எஸ்என் குறியீடு 7323. அது இரும்பு, எஃகு வீட்டுச் சாமான்களோட எண். அதனால ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’. மிக்ஸிக்கு 8509, மோட்டார் இருக்கிற வீட்டு மின்சாதனம். பெயர் குழப்பினா எச்எஸ்என்னைப் பாருங்க.

அடுத்து, பில்லோட அடியில இருந்த தமிழ் வாசகம். மொத்தச் சண்டையும் இங்கதான். மூணு வரி:

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.”

“பழுது இருப்பின் 7 நாட்களுக்குள் பில்லுடன் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும்.”

“மின்சாதனங்களுக்கு கம்பெனி சர்வீஸ் மட்டுமே.”

அக்காவுக்கு ரெண்டாவது வரியை ‘ரீஃபண்ட் தரப்படும்’னு போடணும்னு ஆசை. “என்னப்பா, ரெண்டும் ஒண்ணுதானே”ன்னு கேட்டாங்க. ஒண்ணு இல்லை. ‘மாற்றித் தரப்படும்’னா வேற பொருள் கொடுக்கிறது, எக்ஸ்சேஞ்ச். பணம் திருப்பித் தர்றதுன்னு அந்த வரி சொல்லவே இல்லை. நாம அப்படி எழுதி, அங்க தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் பார்த்துட்டார்னா, மீதி எல்லா வரியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதே சமயம் ‘பழுது’ங்கிற சொல்லை ‘டேமேஜ்’னு எழுதினா நமக்கே ஆபத்து. டேமேஜ்னா வாங்கினவங்க கீழ போட்டு உடைச்ச மாதிரியும் படிக்கலாம். சரியான சொல் ‘டிஃபெக்ட்’. பொருள்லயே இருக்கிற கோளாறு. மூணாவது வரி முதல் ரெண்டு வரியோட முட்டுது. ஏழு நாள்ல மாத்தித் தருவேன்னும் சொல்றாங்க, கம்பெனி சர்வீஸ் மட்டும்தான்னும் சொல்றாங்க. அந்த முட்டலை நாம தீர்த்து வைக்கக் கூடாது. மூணையும் அதே வரிசையில, அதே முரணோட மொழிபெயர்த்து, பக்கத்துலயே தமிழ் மூலத்தையும் டைப் பண்ணி வச்சேன்.

அப்போ ரீஃபண்ட் கேட்கிறது எங்க? மொழிபெயர்ப்புல இல்லை, அதோட போற கடிதத்துல. பில் என்ன சொல்லுதுங்கிறது ஒரு தாள், நாம என்ன கேட்கிறோம்ங்கிறது இன்னொரு தாள். இந்த ரெண்டையும் கலக்கிறதுதான் நான் அதிகமாப் பார்க்கிற கோளாறு.

கடிதத்துக்கு ஆதாரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47). குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கிட்டு பணத்தைத் தர மறுக்கிறதை அது நியாயமற்ற வணிக நடைமுறைன்னு சொல்லுது. எத்தனை நாளுக்குள்ள? பில்லுல போட்டிருக்கிற காலத்துக்குள்ள. பில்லுல எதுவும் போடலைன்னா 30 நாள். அதனாலதான் அந்த ‘7 நாட்களுக்குள்’ அவ்வளவு முக்கியம். பில் தேதி 05/11/2025. இதை 5 நவம்பர் 2025ன்னு மாதத்தை எழுத்துல எழுதினேன், மே 11ன்னு யாரும் படிக்கக் கூடாதுன்னு. அக்கா கடைக்குப் போனது 8ஆம் தேதி. அன்னைக்குக் கடையில கொடுத்த சர்வீஸ் சீட்டு கையில இருந்தது, அதையும் இணைச்சோம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ங்கிற வரி குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாதுங்கிறது என் வாதம். நல்ல பொருளை மனசு மாறித் திருப்பிக் கொடுக்கிறவங்களுக்கு அந்த வரி பொருந்தும், அதை ஒத்துக்கணும். கலர் பிடிக்கலைன்னு போனா இந்தச் சட்டம் கைகொடுக்காது.

பத்து நாள் கழிச்சு பதில் வந்தது. ரீஃபண்ட் சரி, 4,000 ரூபாய்! அட்டவணையோட முதல் கட்டத்தைப் பார்த்து, வரி போடப்படும் மதிப்பையே விலைன்னு எடுத்துக்கிட்டாங்க. அக்கா கையை விட்டுப் போனது 4,720. அந்த 720 எங்க? “வரி அரசாங்கத்துக்குப் போயிடுச்சு, அதை நாங்க தர முடியாது”ன்னு போன்ல சொன்னாங்க. கேட்க நியாயமாத்தான் தெரியும். ஆனா பொருள் திரும்பி வந்தா, விற்றவர் கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைத் தன் கணக்குல குறைச்சுக்கலாம். சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 34 அதைத்தான் சொல்லுது. அந்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30 வரைக்கும் நேரம் இருக்கு. கடைக்கு நஷ்டம் இல்லை. இதை ரெண்டே வரியில எழுதி, மொழிபெயர்ப்புல 360, 360 இருந்த இடத்தை வட்டம் போட்டு அனுப்பினோம். 4,720ம் வந்தது. டிபன் கேரியரை யாரும் தொடலை, அது நல்லாத்தான் இருக்கு.

ஒரு விஷயம் கேட்பீங்க: “எங்க தெருக் கடை பில்லுல வரியே இல்லையே?” அதுக்கு வாய்ப்பு உண்டு. சின்ன வியாபாரிகள் காம்போசிஷன் திட்டத்துல இருந்தா, வாடிக்கையாளர்கிட்ட தனியா ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. அவங்க பில் மேல ‘காம்போசிஷன்’ங்கிற சொல் இருக்கணும், வரி அட்டவணை இருக்காது. அந்த பில்லை மொழிபெயர்க்கும்போது நீங்களா 18 சதவீதம் பிரிச்சுப் போடாதீங்க. ஆனா ஜிஎஸ்டி எண்ணே இல்லாம வரி மட்டும் போட்டிருந்தா, அது வேற பிரச்சினை. அதையும் இருக்கிறபடியே எழுதுங்க.

தாளோட கடைசியில, ‘போட்டோவில் உள்ளதை எனக்குத் தெரிந்தவரை சரியாக மொழிபெயர்த்திருக்கிறேன்’னு ஒரு வரி, பெயர், தேதி, கையெழுத்து. படிக்க முடியாத இடத்துல ‘படிக்க இயலவில்லை’. கம்பெனிக்கு இது போதும். அங்கேயும் நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழ்லயே பேசலாம். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் இருந்தா புகார்க் கட்டணம் கிடையாது, `e-Jagriti` தளத்துலயே போடலாம். அப்பவும் இதே மூணு தாள்தான் போகும்: போட்டோ, மொழிபெயர்ப்பு, கடிதம்.