மொத்தப் பலன் அறிக்கையை எப்படிப் படிப்பது?

ஏப்ரல் வந்துவிட்டால் பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு ஒரு தாள் அனுப்புகின்றன. சம்பளம், பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு, பயிற்சி, சாப்பாடு, பேருந்து என்று நிறுவனம் உங்களுக்காகச் செலவிடுவதை எல்லாம் கூட்டி, அடியில் ஒரு பெரிய தொகையைப் போட்டிருப்பார்கள். சிடிசி என்று நாம் பழகிய கணக்கின் விரிந்த வடிவம் இது. தொகை பொய்யல்ல. ஆனால் அது நிறுவனத்தின் செலவு, உங்கள் வருமானம் அல்ல. ஆகவே ஒவ்வொரு வரியையும் மூன்று கேள்விகளோடு படிக்க வேண்டும்: இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, எப்போது போகிறது, என்ன நடந்தால் போகிறது?

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவன ஊழியரின் அறிக்கை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 6,00,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி 2,40,000, சிறப்புப்படி 1,32,000. இலக்கை எட்டினால் தரும் மாறுபடும் ஊதியம் 1,00,000. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 72,000, கிராஜுவிட்டி 28,846. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 18,000, ஆயுள், விபத்துக் காப்பீடுகளுக்கு 3,154. பயிற்சி 30,000, சாப்பாடும் பேருந்தும் 36,000. மொத்தம் 12,60,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,05,000.

மாதா மாதம் வங்கிக்கு வருவது முதல் மூன்று வரிகளிலிருந்து மட்டும்தான். அவற்றின் கூட்டல் 9,72,000, அதாவது மாதம் 81,000. அதிலிருந்து ஊழியரின் சொந்த பி.எஃப். பங்கு 6,000 பிடிபடும். சென்னை மாநகராட்சிக்குச் செலுத்தும் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. வேறு வருமானம் இருந்தால் கணக்கு மாறும். ஆக, கைக்கு வருவது மாதம் ஏறத்தாழ 74,800. வீட்டுக் கடன் தவணையை 1,05,000 என்ற எண்ணை நம்பி முடிவு செய்தவருக்கு மாதம் 30,000 ரூபாய் துண்டு விழும்.

அந்த வித்தியாசம் எங்கே போனது? அதில் ஒரு பகுதி பத்திரமாக இருக்கிறது. நிறுவனத்தின் பி.எஃப். பங்கான 72,000 உங்களுடையதுதான். தாமதமாக வரும், அவ்வளவே. நீங்கள் ஓய்வூதியத் திட்டத்திலும் இருந்தால், இதில் மாதம் 1,250 அந்தத் திட்டத்துக்குப் போய்விடும், மீதிதான் பி.எஃப். கணக்கில் சேரும். பாஸ்புக்கைப் பார்க்கும்போது நிறுவனம் குறைவாகக் கட்டுகிறதோ என்று பலர் பதறுவது இதனால்தான். ஆனால் மாதா மாதம் வரவு விழுகிறதா என்று பார்ப்பது அவசியம். அறிக்கையில் இருக்கும் தொகை பாஸ்புக்கில் வராவிட்டால் அதை உடனே கேட்க வேண்டும்.

கிராஜுவிட்டி அப்படிப்பட்டதல்ல. கடைசியாக வாங்கிய மாத அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுப் பணிக்கான தொகை கிடைக்கும். 50,000 ரூபாய்க்கு அது 28,846. அறிக்கையில் வருடா வருடம் அந்தத் தொகை வருகிறது, ஆனால் நிரந்தர ஊழியர் பொதுவாக ஐந்தாண்டு பணி முடித்தால்தான் அது கைக்கு வரும். மூன்றாம் ஆண்டில் வேறு வேலைக்குப் போனால் மூன்று அறிக்கைகளிலும் அச்சான அந்தத் தொகை பூஜ்யம். மரணமோ ஊனமோ நேர்ந்தால் மட்டும் இந்த ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது. மறுபக்கம், நீண்ட காலம் இருப்பவருக்கு இந்த வரி குறைத்தே காட்டுகிறது: கணக்கிடுவது கடைசிச் சம்பளத்தில் என்பதால், சம்பளம் உயர உயரப் பழைய ஆண்டுகளுக்கான தொகையும் சேர்ந்து உயரும். ஆகவே, எவ்வளவு காலம் இந்த இடத்தில் இருக்கப்போகிறீர்கள் என்பதற்கு நேர்மையான பதில் தெரியாமல் இந்த வரியை மதிப்பிட முடியாது.

மாறுபடும் ஊதியம் முழு இலக்கையும் எட்டியதாக வைத்து அச்சடிக்கப்படுகிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் பிரிவில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று விசாரித்து, அந்த அளவுக்கு அதைக் குறைத்துக் கொள்ளுங்கள். பணம் தரும் நாளன்று பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பயிற்சிக்கு 30,000 என்பது பெரும்பாலும் பிரிவின் பயிற்சிச் செலவை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் போட்ட தொகை. நிறுவனம் எப்படியும் நடத்த வேண்டிய பாதுகாப்பு வகுப்புகளும் அதில் அடக்கம். அதை உங்கள் வருமானத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே மதிப்புள்ள சான்றிதழ் தேர்வுக்கு நிறுவனம் கட்டணம் கட்டினால், அந்தக் கட்டணத்தை மட்டும் கணக்கில் வைக்கலாம். அதற்கும் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள்: இத்தனை மாதத்துக்குள் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்தால், அந்த வரி உங்களுக்குக் கடனாகவும் மாறலாம்.

காப்பீட்டில் கதை தலைகீழ். 18,000 பிரீமியம் என்பது சிறிய வரியாகத் தெரியும். அது யாரை எல்லாம் உள்ளடக்குகிறது என்பதுதான் முக்கியம். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ள பெற்றோரும் அதில் இருந்தால், தனியாக அதே காப்பீட்டை வாங்க அதைவிடப் பல மடங்கு ஆகலாம். தனிநபர் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரிடும். குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் முதல் நாளே செல்லும். இங்கே நிறுவனத்தின் செலவைவிட உங்கள் பலன் பெரிது. ஆனால் வேலையை விடும் நாளோடு அது முடிந்துவிடும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சில அறிக்கைகளில் பிரீமியத்துக்குப் பதில் 5,00,000 என்ற காப்பீட்டுத் தொகையைக் கூட்டலில் சேர்த்திருப்பார்கள். அப்படி இருந்தால் மொத்தத்தையே நம்ப வேண்டாம்.

வேலை மாறும்போது இந்த வாசிப்பு எப்படி உதவும் என்று பார்ப்போம். இன்னொரு நிறுவனம் 10,72,119 தருகிறது. முன்னதைவிட 1,88,000 ரூபாய் குறைவு போலத் தெரியும். உள்ளே பார்த்தால் நிலையான சம்பளம் 10,20,000, பி.எஃப். பங்கு சட்டத்தின் குறைந்தபட்சப்படி 21,600, கிராஜுவிட்டி 24,519, ஊழியருக்கு மட்டுமான மருத்துவக் காப்பீடு 6,000. பயிற்சியும் பேருந்தும் சாப்பாடும் இல்லை, மாறுபடும் ஊதியமும் இல்லை. இங்கே கைக்கு மாதம் சுமார் 83,000 வரும், முன்னதைவிட 8,200 கூடுதல். காரணம், நிலையான சம்பளமும் கூடுதல், பி.எஃப். பிடித்தமும் 1,800 மட்டுமே. அதாவது சேமிப்பு குறைந்து கைப்பணம் கூடியிருக்கிறது. நிலையான சம்பளத்தையும் நிறுவனத்தின் பி.எஃப். பங்கையும் கூட்டினால் முதல் நிறுவனம் 10,44,000, இரண்டாவது 10,41,600. ஏறக்குறைய சமம். அப்படியானால் முடிவெடுக்க மீதமிருப்பவை இவைதான்: முதல் நிறுவனம் மாறுபடும் ஊதியத்தை உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது, தினசரிப் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உங்கள் பையிலிருந்து எவ்வளவு போகும், பெற்றோருக்கு வெளியே காப்பீடு வாங்கினால் என்ன விலை. மூன்றாவதற்கு ஒரு காப்பீட்டு முகவரிடம் பெற்றோரின் வயதையும் நோய்களையும் மறைக்காமல் சொல்லி விலை கேட்டு வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஹெச்.ஆரிடம் பேசுங்கள்.