ஈரலில் சீழ்: மருந்து போதுமா, குழாய் வேண்டுமா?

நாற்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாலையில் கள் குடிக்கும் பழக்கம் உள்ளவர். பத்து நாளாகக் குளிர்காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே வலி. மூச்சை ஆழ இழுத்தால் கூடுகிறது, தோள்பட்டைக்கும் ஏறுகிறது. வயிற்றுப்போக்கு இல்லை. ஸ்கேனில் ஈரலின் வலது பக்கத்தில் 7 செ.மீ. அளவில் ஒரே ஒரு சீழ்க்கட்டி.

இது அமீபாவின் வேலையா, பாக்டீரியாவின் வேலையா என்பதை ஸ்கேன் மட்டும் சொல்லிவிடாது. ஆளைப் பார்த்தால் சாய்வு தெரியும். நடுவயது ஆண், ஒற்றைக் கட்டி, வலது பக்கம் என்றால் அமீபா பக்கம் சாயும். யாழ்ப்பாணத்து ஆய்வுகளில்கூட நோயாளிகளில் பெரும்பாலோர் கள் குடிக்கும் ஆண்களே. வயதானவர், சர்க்கரை நோயாளி, பித்தக்குழாயில் கல், மஞ்சள் காமாலை, பல கட்டிகள் என்றால் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வரும் அமீபா பெருங்குடலில் தங்கி, ரத்தத்தோடு ஈரலுக்குப் போய் அதன் செல்களைக் கரைக்கிறது. வெளியே எடுத்தால் பழுப்பு நிறத்தில், நாற்றமில்லாமல் இருக்கும் அந்தத் திரவம் பெரும்பாலும் கரைந்த ஈரல்தான். அமீபாக்கள் கட்டியின் சுவரோரம் இருப்பதால் சீழில் அவை பல நேரம் அகப்படாது. மலப் பரிசோதனையும் அடிக்கடி சுத்தமாகவே வரும். அதை நம்பி 'அமீபா இல்லை' என்று முடிவு கட்டக்கூடாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது அதைவிட உதவும்.

முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் கிருமி வளர்ப்புக்கு ரத்தம் எடுத்துவிட்டு, மெட்ரோனிடசோலோடு பாக்டீரியாவுக்கான ஊசி மருந்தையும் தொடங்குவார்கள். அமீபாவாக இருந்தால் மூன்று நாளில் காய்ச்சல் தணியத் தொடங்கும். நம் நோயாளிக்குத் தணிந்தால் 7 செ.மீ. கட்டியாக இருந்தாலும் குழாய் தேவைப்படாமல் போகலாம்.

தணியாவிட்டால், கட்டி 10 செ.மீ.ஐத் தாண்டினால், வெடிக்கும் நிலையில் இருந்தால் வடிக்கத்தான் வேண்டும். இடது பக்கக் கட்டியில் கூடுதல் கவனம் தேவை. அது இதய உறைக்குள் வெடிக்கலாம். பாக்டீரியாக் கட்டியில் கணக்கே வேறு: சிறியதைத் தவிர மற்றவற்றை வடிப்பதே வழக்கம், மருந்தும் பல வாரம் போகும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள். வடிவது வெகுவாகக் குறைந்ததும் எடுத்துவிடுவார்கள்.

காய்ச்சல் போனதும் பலர் விட்டுவிடுவது இரண்டாவது மாத்திரையை. மெட்ரோனிடசோல் ஈரலைக் காப்பாற்றினாலும் குடலில் மிஞ்சும் அமீபாவை முழுதாக ஒழிக்காது. அதற்கு டைலாக்சனைடு போன்ற மாத்திரையைப் பத்து நாள் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நோய் திரும்பலாம். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் கள்ளும் சாராயமும் கூடாது.

குணமான பிறகும் ஸ்கேனில் அந்தக் குழி மாதக்கணக்கில் தெரியும். காய்ச்சலும் வலியும் இல்லையென்றால் அதற்காக மீண்டும் ஊசி போட வேண்டியதில்லை.