இருவருக்கு ஒரு வாழ்த்து

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் நான்கு வருடம் கிடந்த நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. அவனுக்கு 2014 ஆவணியில் கல்யாணம். அதன்பின் வருடம் தவறாமல், காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பிவிடுவேன்: “மச்சான், கல்யாண நாள் வாழ்த்துகள்டா! நீயும் தங்கச்சியும் பல்லாண்டு நல்லா இருக்கணும்.” அவனும் ஒரு கும்பிடு போட்டுவிடுவான். கதை முடிந்தது.

போன வருடம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே அவன் மனைவி கேட்டார்: “ஏண்ணே, கல்யாணம் இவருக்கு மட்டுமா நடந்துச்சு?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் வீட்டுக்கு வந்து பழைய வாழ்த்துகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அவன் எண்ணுக்குப் போனவை. “டா” போட்டு அவனிடம் பேசியவை. தங்கச்சி அதில் படர்க்கையில், ஓர் “உம்” இடைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இருவருடைய நாளில் ஒருவரிடம் பேசி, மற்றவரை விசாரித்திருக்கிறேன்.

இந்தத் தவறில் பாதிக்குத் தமிழின் முன்னிலைச் சொற்களே வழிவிடுகின்றன. “நீ” என்றால் ஒருவர்; அதில் குழப்பமில்லை. “நீங்கள்” என்றால் பலரும் ஆகலாம், மரியாதைக்குரிய ஒருவரும் ஆகலாம். பழைய தமிழில் நீயிர், நீவிர், நீர் எல்லாம் பன்மைதான். “நீர்” நாளடைவில் ஒருவரையே மரியாதையாகக் கூப்பிடும் சொல்லாகிவிட்டது, நெல்லைப் பக்கம் இன்றும் “என்னவே, எங்க போறீரு?” என்பார்கள். “கள்” சேர்ந்த “நீங்கள்” பன்மைக்கென்று நின்றது. மரியாதை அதையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே “நீங்கள் நீடூழி வாழ்க” என்று மட்டும் எழுதினால், வயதில் மூத்த ஒருவரை வாழ்த்துவது போலவும் அது படிக்கும்.

இதற்கு மருந்து பேச்சுத் தமிழிலேயே இருக்கிறது. முதல் வரியில் “நீங்க ரெண்டு பேரும்” அல்லது “உங்க ரெண்டு பேருக்கும்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அடுத்து வரும் ஒவ்வொரு “நீங்க”வும் பன்மையாகவே காதில் விழும். ஆனால் நடுவில் ஓர் இடத்தில் “டா” தலைகாட்டினாலும் கட்டு அவிழ்ந்துவிடும்.

அடுத்தது, என்னவென்று கூப்பிடுவது? நம் ஊரில் நண்பனை “மச்சான்” என்பவன் அவன் மனைவியைத் “தங்கச்சி” என்பான். யோசித்தால் கணக்கு சரியாக வரும்: தங்கையின் கணவன்தானே மச்சான். இந்த முறையில் இருவரும் எனக்கு நேரடி உறவாகிறார்கள். “அண்ணா, அண்ணி” என்பவர்களுக்கும் அப்படியே. இரண்டு உறவுப் பெயரும் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்பதே முக்கியம்: “மச்சானுக்கும் தங்கச்சிக்கும்.” “உனக்கும் உன் மனைவிக்கும்” என்றால் ஒருவர் உறவு, மற்றவர் உடன் வந்தவர்.

இனி, என்ன சொல்வது? மூன்று நான்கு வரிக்குள் முடிகிற வாழ்த்தில் ஒரே ஒரு நினைவுக்குத்தான் இடம் உண்டு. என் நினைவில் முதலில் வந்தவை விடுதிக் கதைகள். அவை அவனுக்கும் எனக்கும் சொந்தம். தங்கச்சிக்கு அதில் இடமில்லை. அடுத்து வந்தது அவர்கள் கல்யாணப் பந்தி. அங்கே அவர்கள் இருவரும் மேடையில் நின்றார்கள், அவ்வளவுதான். நான் தேடியது இருவரும் ஆளுக்கொரு வேலை செய்த ஒரு காட்சியை. அது 2023 டிசம்பரில் கிடைத்தது.

மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. நான்கு நாள் அவர்கள் வீட்டு இரண்டாம் மாடியில்தான் இருந்தோம். லிஃப்ட் ஓடவில்லை. நண்பன் என் அம்மாவை முதுகில் சுமந்து ஏறினான். தங்கச்சி என் மகளின் நனைந்த நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, நடுவில் பழைய செய்தித்தாளை வைத்து உலர்த்திக்கொண்டிருந்தார். இதில் யாரை எடுத்தாலும் காட்சி பாதியாகிவிடும். தேர்வு செய்ய இதைவிட நல்ல உரைகல் இல்லை.

விட வேண்டியவை சில உண்டு. “பதினாறும் பெற்று” என்பது பதினாறு வகைச் செல்வத்தைக் குறிக்கும் ஆசி. ஆனால் கேட்பவர் பலருக்கும் அது பிள்ளைக் கணக்காகவே படுகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் அது முள். அதோடு, ஆசி சொல்வது பெரியவர்கள் வேலை. சம வயது நண்பன் எழுதினால் ஃபிளெக்ஸ் பேனர் வாடை அடிக்கும். “இவனோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினதுக்கே தங்கச்சிக்கு விருது கொடுக்கணும்” என்ற கிண்டலும் ஒருவரை உயர்த்த மற்றவரை மிதிக்கிறது. நேரில் சொன்னால் சிரிப்போடு போகும். எழுத்தில் அந்தச் சிரிப்பு கூட வராது.

வருடக் கணக்கிலும் கை தவறும். 2014இல் கல்யாணம் என்றால் 2025 ஆவணியில் நிறைவது 11 வருடம், தொடங்குவது 12ஆவது. “11ஆம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்” என்று எழுதினால் ஒரு வருடத்தை விழுங்கிவிட்டோம் என்று பொருள். “நிறையுது” என்றே எழுதிவிட்டால் வம்பில்லை.

நான் எழுதியது இது:

“மச்சானுக்கும் தங்கச்சிக்கும். இன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கும் 11 வருஷம் நிறையுது. அந்த மழையில ஒருத்தர் எங்கம்மாவைத் தூக்கிட்டு மாடி ஏறினீங்க, ஒருத்தர் பாப்பா நோட்டைப் பக்கம் பக்கமா காய வெச்சீங்க. எப்ப கிளம்புறீங்கன்னு ரெண்டு பேருமே கேக்கலை. இப்படியே சேர்ந்து சந்தோஷமா இருங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பாடு, வந்துடுங்க.”

“யார் எதைச் செய்தார்” என்று பெயர் போடவில்லை, அவர்களுக்குத் தெரியும். கடைசி வரியில் “எங்க வீடு” என்று எழுதி, அடித்து, “நம்ம வீடு” என்று மாற்றினேன். “எங்க” என்றால் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தும் சொல். “நம்ம” அவர்களையும் உள்ளே வைத்துப் பேசும்.

அனுப்புமுன் அதை என் மனைவியிடம் கொடுத்து, தங்கச்சி படிப்பதாக நினைத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். பிறகு அவன் படிப்பதாக நினைத்து நானே படித்தேன். இரண்டு வாயிலும் எங்கும் இடறவில்லை. இந்த முறை அவன் எண்ணுக்கு மட்டும் அனுப்பவில்லை. இருவரையும் சேர்த்து ஒரு குழு தொடங்கி அதில் போட்டேன்.

பத்து நிமிடத்தில் பதில் இரண்டு வந்தன. அவன், “மத்தியானம்னா எத்தனை மணிக்குடா?” என்றான். தங்கச்சி எழுதியிருந்தார்: “அண்ணே, அந்த நோட்டெல்லாம் இன்னும் வெச்சிருக்காளா?”